பத்தில் ஒன்றா, பதினொன்றில் ஒன்றா?

வேளாண் விரிவாக்க மையத்தில் கிடைக்கும் பாஸ்போபாக்டீரியா பொட்டலத்தைப் பிரித்தால் ஈரமான கரித்தூள் போல ஒன்று இருக்கும். பழுப்பு நிலக்கரியை மாவாக அரைத்து, பாக்டீரியா வளர்ந்த திரவத்தை அதில் ஊற்றிப் பிசைந்து பொட்டலம் கட்டியிருப்பார்கள். மண்ணில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்து வேருக்குக் கொடுப்பது அந்த பாக்டீரியாவின் வேலை. தூள் கறுப்பாக இருந்தால் மட்டும் போதாது, உள்ளே உயிர் இருக்க வேண்டும். எவ்வளவு உயிர் என்பதற்குச் சட்டமே இருக்கிறது. 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் 2006-இல் உயிர் உரங்களையும் கொண்டுவந்தார்கள். தூள் வடிவத்தில் விற்கும் பாஸ்போபாக்டீரியாவில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும் என்று அதில் வரையறை செய்திருக்கிறார்கள். அதற்குக் கீழே போனால் தரமற்றது.

சரி, ஐந்து கோடியை யார் உட்கார்ந்து எண்ணுவது? மைக்ராஸ்கோப்பில் பார்த்து எண்ணலாம் என்றால், செத்த செல்லும் உயிருள்ள செல்லும் அதில் ஒன்றுபோலத்தான் தெரியும். நிலக்கரித் துகள்கள் வேறு குறுக்கே நிற்கும். அதனால் வளரவிட்டு எண்ணுகிறார்கள். சத்து ஊட்டிய அகார் கூழில் ஒரு செல் விழுந்தால், அது இரண்டாகி, நான்காகி, மூன்று நான்கு நாளில் கண்ணுக்குத் தெரியும் ஒரு புள்ளியாகிவிடும். அந்தப் புள்ளிக்குப் பெயர் காலனி. பாஸ்போபாக்டீரியாவுக்குப் பிகோவ்ஸ்காயா என்ற அகாரைப் பயன்படுத்துவார்கள். அதில் கரையாத கால்சியம் பாஸ்பேட் கலந்திருப்பதால் தட்டு பால் ஊற்றியதுபோல் வெள்ளையாக இருக்கும். காலனி தன்னைச் சுற்றியுள்ள பாஸ்பேட்டைக் கரைத்துவிடுவதால், ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் தெளிவான ஒரு வளையம் விழும். வளையங்களை எண்ணினால் தட்டில் விழுந்த செல்கள் எத்தனை என்று தெரிந்துவிடும். (இரண்டு மூன்று செல்கள் ஒட்டிக்கொண்டு விழுந்தால் அதுவும் ஒரே காலனியாகத்தான் வரும். ஆகவே இது எப்போதும் சற்றுக் குறைவான கணக்குதான்.)

ஆனால் ஒரு தட்டில் நம்பி எண்ணக்கூடியது சுமார் 30 முதல் 300 காலனிகள் வரைதான். அதற்கு மேல் போனால் ஒன்றோடொன்று சேர்ந்து பாசி படர்ந்த மாதிரி ஆகிவிடும். முப்பதுக்குக் கீழே இறங்கினால் தற்செயலின் ஆட்டம் அதிகம். கோடிக்கணக்கில் இருப்பதை நூற்றுக்குள் கொண்டுவர வேண்டும் என்றால் பத்து லட்சம் மடங்கு நீர்க்க வைக்க வேண்டும். ஒரே தடவையில் அதைச் செய்ய, ஒரு மில்லி லிட்டரை ஆயிரம் லிட்டர் தண்ணீரில் விட்டுக் கலக்க வேண்டும். மொட்டை மாடியில் நிற்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்று நிறையத் தண்ணீர், அதுவும் கிருமி நீக்கிய தண்ணீர், வேண்டியிருக்கும். அதே காரியத்தை ஒரு குடுவையும் ஐந்து சோதனைக்குழாய்களும் வைத்து, மொத்தம் 135 மில்லி தண்ணீரில் முடித்துவிடலாம். பத்து மடங்கு நீர்க்க வைத்ததிலிருந்து கொஞ்சம் எடுத்து மறுபடி பத்து மடங்கு, அதிலிருந்து எடுத்து மறுபடி பத்து மடங்கு என்று இறங்குவதுதான் தொடர் நீர்த்தல். ஆய்வகங்களில் ‘சீரியல் டைல்யூஷன்’ என்பார்கள்.

யோசனை புதிதல்ல. காயத்துக்குக் கார்பாலிக் அமிலம் தடவிப் புகழ்பெற்ற ஜோசப் லிஸ்டர், 1870-களின் இறுதியில் புளித்த பாலை இப்படி நீர்க்க வைத்துத்தான், புளிக்க வைக்கும் பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார். ஒரு துளியில் சராசரியாக ஒரு செல்லுக்கும் குறைவாக இருக்கும்வரை நீர்க்க வைத்தால், வளரும் துளியில் பெரும்பாலும் ஒரே செல்லின் வம்சம்தான் இருக்கும் என்பது அவர் கணக்கு.

இப்போது நம் பொட்டலத்துக்கு வருவோம். பொட்டலத்தைப் பிரித்து நன்றாகக் கிளறி, பத்து கிராம் தூளைத் தராசில் நிறுத்து, 90 மில்லி கிருமி நீக்கிய உப்புநீர் உள்ள குடுவையில் போட வேண்டும். வெறும் காய்ச்சி வடித்த தண்ணீரைவிட 0.85 சதவீத உப்புநீர் செல்களுக்கு இதமானது. நிலக்கரித் துகளைப் பிடித்துக்கொண்டிருக்கும் செல்கள் பிரிந்து வர, குடுவையை ஷேக்கரில் வைத்துக் கொஞ்ச நேரம் ஆட்ட வேண்டும். இது முதல் படி. பத்து கிராம் தூளின் கனஅளவு சரியாகப் பத்து மில்லி இருக்காதே என்று கேட்பவர் இருப்பார்கள். கேள்வி நியாயமானதுதான். பத்து கிராம் தூளும் 90 கிராம் தண்ணீரும் சேர்ந்து நூறு கிராம், ஆகவே பத்து மடங்கு என்று எடை முறையில் கொள்வது உலகெங்கும் வழக்கம். எல்லோரும் ஒரே வழக்கத்தைப் பின்பற்றுவதால் ஒருவர் முடிவை மற்றவர் முடிவோடு ஒப்பிட முடிகிறது.

ஆட்டியதும் உடனே, துகள் அடியில் படியும் முன், ஒரு மில்லி எடுத்து 9 மில்லி உப்புநீர் உள்ள குழாயில் விட வேண்டும். இரண்டும் சேர்ந்து பத்து மில்லி. அதைக் கலக்கி, புதிய பிப்பெட்டால் ஒரு மில்லி எடுத்து அடுத்த குழாய்க்கு மாற்ற வேண்டும். இப்படியே குழாய் ஐந்து. குடுவையையும் சேர்த்தால் ஆறு படி. ஆறாம் படியிலிருந்து ஒரு மில்லியை எடுத்துக் காலித் தட்டில் விட்டு, 45 டிகிரி சூட்டில் உருகிய நிலையில் இருக்கும் அகாரை மேலே ஊற்றி மெதுவாகச் சுழற்றி உறையவிட்டால் வேலை முடிந்தது.

பொட்டலத்தில் உண்மையில் கிராமுக்கு 7.5 கோடி செல்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பத்து கிராமில் 75 கோடி. அது நூறு மில்லியில் பரவியதும் குடுவையில் மில்லிக்கு 75 லட்சம். அடுத்த குழாயில் மில்லிக்கு ஏழரை லட்சம். பிறகு 75 ஆயிரம், 7,500, 750, கடைசியில் 75. தட்டில் ஒரு மில்லி விட்டதால் 75 காலனி. 75-ஐப் பத்து லட்சத்தால் பெருக்கினால் 7.5 கோடி திரும்ப வந்துவிடும். ஒரு குழாயிலிருந்து ஒரு மில்லியை எடுத்த பிறகு அதில் 9 மில்லிதானே மிச்சம், அப்படியானால் செறிவு மாறாதா என்று மாணவர்கள் குழம்புவதுண்டு. குழாயில் உள்ள செல்களின் மொத்த எண்ணிக்கை குறையும், மில்லிக்கு எத்தனை என்பது மாறாது. சாம்பாரில் ஒரு கரண்டி எடுத்தால் மிச்சச் சாம்பாரின் உப்பு குறைவதில்லை.

இவ்வளவு எளிதான கணக்கில் தவறு எங்கே வரும்? முதல் தவறு குழாயில் தண்ணீர் ஊற்றும்போதே வந்துவிடுகிறது. பத்து மடங்கு என்றதும் கை தானாகப் பத்து மில்லி ஊற்றுகிறது. அதில் ஒரு மில்லி விட்டால் மொத்தம் 11. நீர்த்தது பத்து மடங்கு அல்ல, பதினொரு மடங்கு. ஒரு படியில் இது பெரிய விஷயமில்லை, பத்து சதவீதத்துக்குள்தான். ஆனால் அடுத்த படி இந்தத் தவறின் மேல் நிற்கிறது, அதற்கடுத்தது அதன் மேல். ஐந்து குழாய் தாண்டும்போது 11-ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும். நாம் எழுதி வைத்திருப்பது ஒரு லட்சம் மடங்கு, உண்மையில் நடந்ததோ 1,61,051 மடங்கு.

மேலே சொன்ன அதே பொட்டலத்தை இப்படிச் சோதித்துப் பார்ப்போம். குடுவையில் மில்லிக்கு 75 லட்சம். இதுவரை சரி. அடுத்த குழாயில் ஏழரை லட்சத்துக்குப் பதில் 6,81,818. பிறகு 61,983. பிறகு 5,635. பிறகு 512. கடைசிக் குழாயில் 75 இருக்க வேண்டிய இடத்தில் 47. தட்டில் 47 காலனி வளர்கிறது. பத்து லட்சத்தால் பெருக்கி, கிராமுக்கு 4.7 கோடி என்று அறிக்கை எழுதுகிறார்கள். சட்டம் கேட்பது 5 கோடி. நல்ல சரக்கு தரமற்றது என்று முத்திரை வாங்கிவிட்டது.

இதில் என்னை உறுத்துவது தவறின் அளவல்ல, தவறு கண்ணில் படாமல் போவதுதான். 47 காலனி 30-க்கும் 300-க்கும் இடையில் இருக்கிறது. தட்டு அழகாக இருக்கிறது, வளையங்கள் தெளிவாக இருக்கின்றன. கவனமான ஆய்வாளர் ஒரே குழாயிலிருந்து மூன்று தட்டு போட்டிருப்பார். மூன்றிலும் 47, 44, 51 என்று ஒத்துப்போகும். ‘மூன்றும் ஒத்து வருகிறது, பிறகென்ன?’ என்ற திருப்தி வரும். மூன்று தட்டும் ஒத்துப்போவது கடைசிக் குழாயிலிருந்து தட்டுக்கு மாற்றிய கடைசிப் படி சரியாக இருந்தது என்பதற்கு மட்டுமே சாட்சி. அதற்கு முன் ஐந்து படிகளில் நடந்ததற்கு அவை சாட்சி சொல்ல முடியாது, ஏனென்றால் மூன்றுமே அந்தத் தவறுக்குப் பிறகு பிறந்தவை. எத்தனை தட்டு போட்டாலும் அந்த 47, எழுபத்தைந்தாகாது.

எதிர்ப்பக்கமும் தவறு நடக்கும். 9 மில்லி ஊற்றிய குழாய்களைப் பஞ்சால் அடைத்து ஆட்டோகிளேவில் வைத்துக் கிருமி நீக்குகிறார்கள். நீராவியிலும் பிறகு ஆறும்போதும் கொஞ்சம் தண்ணீர் போய்விடும். 0.3 மில்லி குறைந்து 8.7 ஆனால் பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அதில் ஒரு மில்லி விட்டால் மொத்தம் 9.7 மில்லி. நீர்த்தது 9.7 மடங்கு. ஐந்து படிக்குப் பிறகு ஒரு லட்சம் மடங்குக்குப் பதில் சுமார் 85,870 மடங்குதான் நீர்த்திருக்கும். கிராமுக்கு 4.5 கோடி மட்டுமே உள்ள ஒரு பொட்டலம் இப்போது தட்டில் 45 காலனிக்குப் பதில் 52 காலனி காட்டும். அறிக்கையில் 5.2 கோடி. தேறிவிட்டது. குறைந்த சரக்கை வாங்கிப் போன விவசாயிக்கு இது எப்போதும் தெரியவராது.

இதனால்தான் நல்ல ஆய்வகங்களில் உப்புநீரை மொத்தமாகக் கிருமி நீக்கி ஆறவைத்த பிறகு, கிருமி நீக்கிய பிப்பெட்டால் குழாய்களில் அளந்து ஊற்றுகிறார்கள். முன்கூட்டியே ஊற்றித்தான் ஆக வேண்டும் என்றால், ஆட்டோகிளேவிலிருந்து வந்த கூட்டத்தில் ஓரிரு குழாயை எடுத்து உள்ளே எவ்வளவு மிச்சம் என்று அளந்து பார்க்க வேண்டும். அளந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. 8.7 என்று தெரிந்த பிறகு அது தவறே அல்ல, இன்னொரு எண், அவ்வளவுதான். பத்துக்குப் பதில் 9.7-ஐப் போட்டுப் பெருக்கினால் போதும். 52 காலனியை முதல் படியின் 10-ஆலும், 9.7-ஐ ஐந்து முறையும் பெருக்கினால் 4.47 கோடி வரும். உண்மைக்கு மிக அருகில்.

கணக்கு எழுதும் முறையிலேயே இந்தப் பாதுகாப்பைக் கொண்டுவந்துவிடலாம். பலர் ஒவ்வொரு படியிலும் செறிவைக் கணக்கிட்டு, முழு எண்ணாக்கி, அந்த முழு எண்ணை வைத்து அடுத்த படியைக் கணக்கிடுகிறார்கள். பத்து பத்தாகப் போகும்போது இதில் தீங்கில்லை. 9.7 போன்ற எண் வந்தால் ஒவ்வொரு படியிலும் முழுமையாக்கியதன் சிறு பிசகு கீழே இறங்கிக்கொண்டே வரும். அதைவிட, ஒவ்வொரு படிக்கும் விட்ட அளவு, முன்பு இருந்த அளவு, மொத்த அளவு மூன்றையும் நோட்டில் எழுதிவைத்து, மொத்தத்தை விட்ட அளவால் வகுத்து வரும் மடங்கை மட்டும் குறித்துக்கொள்ளலாம். கடைசியில் எல்லா மடங்குகளையும் ஒன்றாகப் பெருக்கி, ஒரே ஒரு முறை முழுமையாக்கினால் போதும்:

```
ஒரு படியின் மடங்கு = (விட்டது + இருந்தது) / விட்டது
கிராமுக்கு = காலனி × D1 × D2 × ... × D6 / தட்டில் விட்ட மி.லி.
```

இங்கே D1 முதல் D6 வரை அந்தந்தப் படியின் மடங்கு. கடைசி வகுத்தலை மறந்துவிடக் கூடாது. அகாரை ஊற்றாமல், உறைந்த அகாரின் மேல் கண்ணாடிக் கோலால் பரப்பும் முறையும் உண்டு. அதில் ஒரு மில்லியை விட மாட்டார்கள், 0.1 மில்லிதான் விடுவார்கள். அந்த 0.1-ஆல் வகுக்க மறந்தால் முடிவு பத்து மடங்கு குறைந்துவிடும். சிலர் அதை நீர்த்தலில் ஒரு படியாகச் சேர்த்து எழுதிவிட்டு, கடைசியில் மறுபடியும் வகுத்துவிடுவார்கள். அப்போது பத்து மடங்கு கூடிவிடும். குழாயில் ஒட்டும் சீட்டில் குழாயின் நீர்த்தலை மட்டும் எழுதுவது, தட்டில் விட்ட அளவைத் தட்டின் அடியில் தனியாக எழுதுவது என்று வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது.

அடுத்து, பிப்பெட் பிடிக்கும் கை. பிழையில் இரண்டு ஜாதி உண்டு. ஒரு தடவை கொஞ்சம் கூட, ஒரு தடவை கொஞ்சம் குறைய என்று அலைவது ஒன்று. எப்போதும் ஒரே பக்கம் சாய்வது மற்றொன்று. அலையும் பிழை படிகளில் ஓரளவு தன்னைத்தானே அடித்துக்கொள்ளும். ஒவ்வொரு படியிலும் இரண்டு சதவீதம் அலைந்தால் ஐந்து படிக்குப் பிறகு பத்து சதவீதம் ஆகாது, ஐந்தின் வர்க்கமூலத்தால் பெருக்கி சுமார் நாலரை சதவீதம்தான் ஆகும். சாயும் பிழை அப்படியல்ல, கூட்டுவட்டி போல ஏறும். பிப்பெட் எப்போதும் 1 மில்லிக்குப் பதில் 1.02 மில்லி விட்டால், ஐந்து குழாய்க்குப் பிறகு 9 சதவீதம் கூடிவிடும். தட்டில் விடுவதும் அதே பிப்பெட்தான் என்பதால் கடைசியில் 11 சதவீதத்தைத் தாண்டும்.

சாயும் பிழை பெரும்பாலும் பழக்கத்திலிருந்து வருகிறது. மைக்ரோபிப்பெட்டின் பொத்தானில் இரண்டு நிறுத்தங்கள் இருக்கும். முதல் நிறுத்தம் வரை அழுத்தித் திரவத்தை உறிஞ்ச வேண்டும், இரண்டாவது வரை அழுத்தி வெளியேற்ற வேண்டும். அவசரத்தில் இரண்டாவது நிறுத்தம் வரை அழுத்திக்கொண்டு உறிஞ்சுபவர், ஒவ்வொரு முறையும் குறித்த அளவைவிடக் கூடுதலாகவே எடுப்பார். கண்ணாடிப் பிப்பெட்டில் வேறு சங்கதி. சிலவற்றில் நுனியில் நிற்கும் கடைசிச் சொட்டையும் ஊதித் தள்ளினால்தான் அளவு சரி. அப்படிப்பட்டவற்றின் மேல் முனையில் பொதுவாக வளையக் கோடு போட்டிருக்கும். அந்தக் கோட்டைக் கவனிக்காமல் சொட்டை விட்டுவிட்டால் ஒவ்வொரு படியிலும் அளவு குறையும்.

பிப்பெட் சாய்கிறதா என்று தெரிந்துகொள்ள நிபுணர் தேவையில்லை, நல்ல தராசு போதும். ஒரு சிறு குடுவையைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்ஜியமாக்கி, பத்து முறை ஒரு மில்லி தண்ணீரை விட்டு ஒவ்வொரு முறையும் எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். 25 டிகிரியில் ஒரு மில்லி தண்ணீரின் எடை 0.997 கிராம், 30 டிகிரியில் 0.996 கிராம். பத்தின் சராசரி இதிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அதுதான் சாய்வு. பத்தும் ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு விலகுகின்றனவோ அது அலைவு. கை மாறினால் எண்ணும் மாறும். ஆகவே வேலை செய்யப்போகிறவரே விட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொரு திருட்டுப் பிழை, ஒரே பிப்பெட்டை எல்லாக் குழாய்க்கும் பயன்படுத்துவது. டிப் மிச்சம் பிடிக்க இப்படிச் செய்பவர்கள் உண்டு. முந்திய குழாயின் திரவம் 0.02 மில்லி அளவு டிப்பில் ஒட்டியிருக்கிறது என்று வையுங்கள். ஒரு சிறு துளிதான். ஆனால் அது பத்து மடங்கு அடர்த்தியானது. அந்தத் துளியோடு புதிய குழாயில் ஒரு மில்லி எடுத்தால், அந்த ஒரு மில்லியில் இருக்க வேண்டியதைவிட 20 சதவீதம் அதிகமான செல்கள் போய்ச் சேரும். ஒவ்வொரு படிக்கும் புதிய டிப் போடுவதில் கஞ்சத்தனம் கூடாது. அதேபோல், திரவத்துக்குள் டிப்பை ஆழமாக நுழைக்கவும் கூடாது. வெளிப்புறத்தில் ஒட்டும் திரவமும் அளவில் சேர்ந்துவிடும்.

கலக்காமல் எடுப்பதும் இதே அளவு கெடுதல். பால் பரிசோதனைக்கான பழைய செய்முறை ஒன்று, குழாயையோ புட்டியையோ ஓர் அடி நீள வளைவில் ஏழு நொடிக்குள் 25 முறை ஆட்டச் சொல்கிறது. கேட்பதற்குச் சடங்கு போலத் தோன்றும், ஆனால் ஒவ்வொருவரும் ஒரே மாதிரி ஆட்டினால்தான் முடிவு ஒரே மாதிரி வரும். வோர்டெக்ஸ் மிக்ஸர் உள்ள இடங்களில் குழாயைச் சில நொடி அதில் வைத்து, உள்ளே சுழல் அடிவரை இறங்குகிறதா என்று பார்ப்பது போதும். அதேசமயம் காபி குடித்துவிட்டு வந்து தொடரலாம் என்று பாதியில் விடக்கூடாது. முதல் குடுவையிலிருந்து தட்டு வரை சுமார் 20 நிமிடத்தில் முடித்துவிடுவது நல்லது. நிற்க நிற்க, செல்கள் பெருகவும் செய்யலாம், சாகவும் செய்யலாம்.

கலக்கல், ஒட்டல் போன்ற பிழைகளைத் தட்டுகளே காட்டிக்கொடுக்கும். கடைசி இரண்டு மூன்று படிகளிலிருந்தும் தட்டு போட்டால், அடுத்தடுத்த தட்டுகளில் எண்ணிக்கை ஏறக்குறைய பத்துக்கு ஒன்றாக இறங்க வேண்டும். ஒரு படியில் 240, அடுத்ததில் 70 என்று வந்தால் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தொடரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பிக்க வேண்டியதுதான். ஆனால் பதினொன்றில் ஒன்று என்ற தவறை இது பிடிக்காது. 240-க்கு அடுத்து 24 வர வேண்டிய இடத்தில் 22 வந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? தற்செயலின் அலைவே அதைவிடப் பெரியது.

அந்தத் தற்செயலையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எல்லாம் கச்சிதமாகச் செய்தாலும், சராசரியாக 75 செல் உள்ள ஒரு மில்லியை எடுக்கும்போது ஒரு தடவை 68 வரும், ஒரு தடவை 83 வரும். எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு இந்த அலைவு இருக்கும். 75-க்கு அது 9-க்குச் சற்றுக் குறைவு, அதாவது 11 அல்லது 12 சதவீதம். மூன்று தட்டு போட்டு மொத்தம் 225 எண்ணினால் 7 சதவீதத்துக்குக் கீழே வரும். அதிகத் தட்டு போடுவதன் பயன் இதுதான், இது மட்டும்தான்.

சாயும் பிழையைப் பிடிக்க வேறொரு பாதையில் போய்ப் பார்க்க வேண்டும். பால் பரிசோதனைக் கூடங்களில் 99 மில்லி உப்புநீர் உள்ள புட்டிகள் வைத்திருப்பார்கள். ஒரு மில்லி விட்டால் நேராக நூறு மடங்கு. நம் பொட்டலத்துக்கு, குடுவை ஒன்று, 99 மில்லிப் புட்டி இரண்டு, 9 மில்லிக் குழாய் ஒன்று இருந்தால் அதே பத்து லட்சம் மடங்கை நான்கே படியில் அடைந்துவிடலாம். படி குறைந்தால் பிழை ஏறும் வாய்ப்பும் குறையும். இந்தப் புட்டிகள் தவறையும் ஓரளவு மன்னிக்கும். 99-க்குப் பதில் நூறு ஊற்றிவிட்டால் ஒரு சதவீதம்தான் பிசகும். 0.3 மில்லி ஆவியானால் அது கணக்கிலேயே வராது. மேலே சொன்ன ‘ஒரு மில்லி கூட ஊற்றும்’ தவறை இந்தப் பாதையில் மூன்று இடத்திலும் செய்தால்கூட மொத்தப் பிசகு 12 சதவீதம். ஐந்து குழாய்ப் பாதையில் அது 61 சதவீதம். உப்புநீர் கொஞ்சம் அதிகம் செலவாகும், அலமாரியில் இடம் பிடிக்கும். இருந்தாலும் என் ஓட்டு புட்டிகளுக்குத்தான்.

இரண்டு பாதையிலும் தனித்தனியாகப் பத்து கிராம் நிறுத்துச் செய்து பார்த்து, முடிவு தற்செயல் அலைவுக்குள் ஒத்து வந்தால் தைரியமாகக் கையெழுத்துப் போடலாம். குழாய்ப் பாதை 4.7 கோடியும் புட்டிப் பாதை 7.4 கோடியும் சொன்னால், சராசரி எடுத்து 6 கோடி என்று எழுதுவது கூடாத காரியம். குழாய்களில் எத்தனை மில்லி இருக்கிறது என்று அளக்க வேண்டிய நேரம் அது.

அறிக்கையில் எண்ணை எழுதும்போது 5,23,40,000 என்று நீட்டி எழுதுவதும் வேண்டாம். இந்த முறைக்கு அவ்வளவு நுட்பம் கிடையாது, 5.2 கோடி என்பதே போதும். உயிர் உரம் தயாரிப்பவரோ சோதிப்பவரோ, முடிவு 5 கோடி எல்லைக்கு 15 சதவீதம் மேலேயோ கீழேயோ நின்றால், அந்த ஒரு தொடரை நம்பித் தீர்ப்பு எழுதாதீர்கள். அதே குழாயிலிருந்து இன்னொரு தட்டு போடுவதும் உதவாது. பொட்டலத்திலிருந்து மறுபடி பத்து கிராம் நிறுத்து முதல் படியிலிருந்து தொடங்குங்கள்.